மண்டபத்து எல்.இ.டி. சுவருக்கு வீடியோ தயாரிப்பது எப்படி?



நம்ம குழுக்களில் இப்போ நிறைய பேர் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கு. படிச்ச பிள்ளைகளும், நாமளே சிலரும், காதுகுத்து, கல்யாணம், வளைகாப்புன்னு போட்டோ சேர்த்துப் பாட்டுப் போட்டு வீடியோ செய்து கொடுக்கிறோம். கைபேசியில் பார்க்கிறதுக்கு அது சரியா இருக்கும். அதே வீடியோவை மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் இருக்கிற பெரிய எல்.இ.டி. சுவரில் ஓட விடும்போதுதான் சிக்கல் வரும். அது எனக்கு எப்படித் தெரியும்னு முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்க குழுவில் ஒரு அக்கா. அவங்க வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம் ஆகுது. மகள் வரவேற்புக்கு அப்பாவும் மகளும் இருக்கிற போட்டோ எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷ வீடியோ கேட்டாங்க. மூவாயிரம் ரூபாய் பேச்சு. நான் என் கைபேசியிலேயே, கைபேசியை நிமிர்த்திப் பிடிச்சால் எப்படித் தெரியுமோ அந்த நெட்டு வடிவத்தில் செய்தேன். அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்து அழுதுட்டாங்க, "ரொம்ப நல்லா இருக்கு"ன்னாங்க.

மண்டபத்தில் ஓட விட்டபோது, 13 அடி அகலச் சுவரில் நடுவே மூணே முக்கால் அடிக்கு ஒரு பட்டை மாதிரித் தெரிஞ்சுது. இரண்டு பக்கமும் கறுப்பு. கூட்டத்தில் யாரோ, "பெருசாக்குப்பா"ன்னு சொல்ல, எல்.இ.டி. தம்பி படத்தைச் சுவர் அகலத்துக்கு இழுத்தார். அகலம் நிறைஞ்சுது. ஆனால் உயரத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் கூடத்தான் மிஞ்சுச்சு. மகளைத் தோளில் தூக்கி வைச்சிருக்கிற அப்பா படம் வந்தபோது சட்டைப் பையும் மகளோட காலும்தான் தெரிஞ்சுது, முகம் இல்லை. அக்கா பணம் கொடுத்தாங்க. நான்தான் வாங்கலை.

அதுக்கப்புறம் அந்தத் தம்பியிடமே போய் உட்கார்ந்து கேட்டுக்கிட்டதும், பிறகு வேலை செய்து பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டதும்தான் இந்தப் பாடம்.

சுவர் என்பது புள்ளிக் கோலம்

எல்.இ.டி. சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்க. சின்னச் சின்ன விளக்குப் புள்ளிகள் வரிசை வரிசையா இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் பிக்சல் என்று பெயர். கோலத்துக்கு எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்று கேட்டுத்தானே மாவை எடுக்கிறோம்? இங்கேயும் அதே கேள்விதான். அகலத்தில் எத்தனை புள்ளி, உயரத்தில் எத்தனை புள்ளி?

சுவர் ஒரே துண்டு இல்லை. பெட்டி பெட்டியா அடுக்கிக் கட்டுவாங்க. வாடகைக்கு வருகிற சுவரில் பெரும்பாலும் ஒரு பெட்டி அரை மீட்டருக்கு அரை மீட்டர் இருக்கும், அதாவது ஒன்றே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. அரை மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள பெட்டியும் உண்டு. "பி 3.91" என்று சொல்வாங்க. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே 3.91 மில்லிமீட்டர் என்பது அதன் அர்த்தம். அந்தக் கணக்கில் அரை மீட்டர்ப் பெட்டி ஒன்றில் அகலத்துக்கு 128, உயரத்துக்கு 128 புள்ளி.

அக்கா வீட்டுக் கல்யாணத்தில் இருந்தது அகலத்தில் 8 பெட்டி, உயரத்தில் 4 பெட்டி. எட்டை 128-ஆல் பெருக்கினால் 1024. நாலை 128-ஆல் பெருக்கினால் 512. ஆக அந்தச் சுவர் 1024-க்கு 512. அகலம் உயரத்தைப் போல சரியாக இரண்டு மடங்கு. வீடியோவோ பொதுவாக 1920-க்கு 1080 வரும், அது 16-க்கு 9 என்ற வடிவம். இரண்டும் ஒன்று இல்லை. சுவர் இன்னும் கொஞ்சம் நீளவாக்கு. இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் தலை வெட்டுப்படுவதும் முகம் அகலமாவதும்.

"12-க்கு 8 அடி சுவர்" என்று வாய்ப்பேச்சில் சொல்வதை நம்பி வேலையை ஆரம்பிக்காதீங்க. அரை மீட்டர்ப் பெட்டியில் சரியா 12-க்கு 8 வராது. 7-க்கு 5 பெட்டி போட்டு அதைத்தான் 12-க்கு 8 என்பாங்க. அடிக்கணக்கில் பார்த்தால் அகலம் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு, பெட்டிக்கணக்கில் 1.4 மடங்கு. அதனால் கேட்க வேண்டியது, "தம்பி, அகலத்தில் எத்தனை பெட்டி, உயரத்தில் எத்தனை பெட்டி, ஒரு பெட்டிக்கு எத்தனை பிக்சல்?" என்பதுதான். சுவரிலேயே பதிச்சு வைச்சிருக்கிற மண்டபங்களில் பெட்டி அளவு வேற மாதிரி இருக்கும். அங்கே மொத்தப் பிக்சல் கணக்கை மேனேஜரிடம் எழுதி வாங்கிக்கங்க.

இன்னொன்று. 1024-ஐயும் 512-ஐயும் பெருக்கினால் சுமார் 5 லட்சத்து 24 ஆயிரம் புள்ளி. இன்றைக்கு நம்ம கையில் இருக்கிற பல கைபேசிகளில் 1080-க்கு 2400, அதாவது கிட்டத்தட்ட 26 லட்சம் புள்ளி. அவ்வளவு பெரிய சுவரில் இருப்பது நம்ம கைபேசியில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான்! "பெரிய சுவர், அதனால் 4கே-யில் செய்யணும்" என்று சிலர் சொல்வாங்க. இந்தச் சுவருக்கு அது வீண். பழைய லேப்டாப்பில் 4கே வீடியோ திக்கித் திக்கித்தான் ஓடும்.

ஒரே வீடியோ, நடுப்பட்டைக்குள் எல்லாம்

சுவருக்குத் தகுந்த மாதிரி 2-க்கு 1 வடிவத்திலேயே வீடியோ செய்தால் என்ன என்று தோன்றும். செய்யலாம்தான். ஆனால் லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியாகப் போகிற படம் பெரும்பாலும் 1920-க்கு 1080 ஆகத்தான் போகும். நம்ம 2-க்கு 1 வீடியோவுக்கு மேலும் கீழும் லேப்டாப்பே கறுப்புப் பட்டை போட்டு அனுப்பிவிடும். அதனால் நான் செய்வது இதுதான்: வீடியோவை வழக்கமான 1920-க்கு 1080 அளவிலேயே செய்கிறேன். மேலே 60, கீழே 60 பிக்சலை ஒதுக்கிவிடுகிறேன். நடுவில் 1920-க்கு 960 மிஞ்சும். அதுதான் சரியான 2-க்கு 1. முகம், எழுத்து எல்லாம் இந்த நடுப்பட்டைக்குள். ஒதுக்கிய பட்டைகளில் பின்னணி நிறம் மட்டும். அந்தப் பட்டை தெரிந்தாலும் அசிங்கமா இருக்காது, வெட்டுப்பட்டாலும் நஷ்டம் இல்லை.

போட்டோவை இதற்குள் எப்படி உட்கார வைப்பது? நம்ம வீட்டு ஆல்பத்தில் இருக்கிற பழைய போட்டோ பெரும்பாலும் 4-க்கு 6 அங்குலம். நெட்டுக்கு எடுத்த படம் என்றால், 960 உயரம் வைத்தால் அகலம் 640 வரும். மூணு 640 சேர்ந்தால் 1920. அதாவது நெட்டு வாக்கில் எடுத்த மூணு 4-க்கு 6 போட்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைச்சால் இண்டு இடுக்கு இல்லாமல் சுவர் நிறைஞ்சுடும். அளந்து தைச்ச மாதிரி. குழந்தையில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, காலேஜில் ஒன்று என்று வைச்சால் பார்க்கிறவங்களுக்கும் கதை புரியும்.

படுக்கை வாக்கில் எடுத்த 4-க்கு 6 என்றால் 960 உயரத்துக்கு 1440 அகலம் வரும். பக்கத்தில் 480 மிஞ்சும், அதில் வருஷமும் ஊரும் எழுதலாம். அதைவிட்டு அகலத்தை நிறைக்க இழுத்தால் உயரம் 1280 ஆகும், 320 வெட்டுப்படும். குடும்பப் படத்தில் பின்வரிசையில் நிற்கிற பெரியவங்க தலைதான் முதலில் போகும். தனி ஒரு நெட்டுப் படம் போட்டே ஆகணும் என்றால், அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் விரிக்கிறாங்க. சுவரில் அந்த மங்கல் படம் பெருசா அசைஞ்சுக்கிட்டு முன்னால் இருக்கிற முகத்தை அமுக்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். நான் அரக்கு நிறமோ கரும்பச்சையோ வெறுமனே போட்டுவிடுகிறேன்.

பின்னணி வெள்ளை வேண்டவே வேண்டாம். இந்தச் சுவரில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிற விளக்கு. முழு வெள்ளை போட்டால் முன்வரிசையில் உட்கார்ந்தவங்க கண்ணை மூடிக்குவாங்க, மேடையில் நிற்கிற பொண்ணு மாப்பிள்ளை முகம் இருட்டடிச்சுப் போகும்.

எழுத்து எவ்வளவு பெருசு?

மண்டபத்தில் கடைசி நாற்காலி மேடையிலிருந்து எத்தனை அடி என்று பாருங்க. பத்தடித் தூரத்துக்கு ஒரு அங்குல உயரம் எழுத்து இருந்தால் சிரமம் இல்லாமல் படிக்கலாம். 80 அடி என்றால் 8 அங்குலம். நம்ம சுவர் உயரம் இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடி. அதில் 8 அங்குலம் என்பது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. ஆக, நடுப்பட்டையின் 960-இல் 'க' என்ற எழுத்து 100 பிக்சல் உயரம் வரணும். சாஃப்ட்வேரில் காட்டுகிற எழுத்து அளவு எண்ணை நம்பாதீங்க, திரையில் எழுத்தையே அளந்து பாருங்க. அந்த அளவில் ஒரு வரிக்கு நாலு வார்த்தைக்கு மேல் பிடிக்காது. அதுக்கு மேல் எழுதினாலும் யாரும் படிக்கப் போவதில்லை.

எழுத்துக் கோடு தடிமனா இருக்கணும். மெல்லிசான அலங்கார எழுத்தில் 'ண', 'ஞ' எல்லாம் சுழி அடைபட்டுப் போகும், மெய்யெழுத்துப் புள்ளி காணாமல் போகும். பொண்ணு பேரில் புள்ளி போனால் பேரே மாறிவிடும்.

இதை வீட்டிலேயே சோதிச்சுப் பார்க்க ஒரு வழி இருக்கு. கைபேசியைப் படுக்க வைச்சு வீடியோவை ஓட விட்டால் படம் சுமார் 12 செ.மீ. அகலம் தெரியும். சுவர் 4 மீட்டர், அதாவது 33 மடங்கு. 80 அடியை 33-ஆல் வகுத்தால் இரண்டரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. கைபேசியை இரண்டரை அடி தள்ளி வைச்சுப் பாருங்க. கடைசி வரிசைப் பாட்டிக்கு எந்த அளவில் தெரியுமோ அந்த அளவில் உங்களுக்குத் தெரியும். அதில் படிக்க முடியாத எழுத்து மண்டபத்திலும் படிக்க முடியாது.

சுவர் மேடைக்குப் பின்னால் இருந்தால் கீழ்ப்பாதியில் எழுத்தே வைக்காதீங்க. சோபா, பூ அலங்காரம், பரிசு கொடுக்க வருகிற கூட்டம் எல்லாம் அதை மறைச்சிடும்.

சோதனைப் படம்

என் பென்டிரைவில் முதல் ஃபைல் எப்பவும் ஒரு சோதனைப் படம்தான். கம்ப்யூட்டரில் இருக்கிற Paint-இலேயே செய்யலாம். 1920-க்கு 1080 அளவு வைச்சு, மேலே 60, கீழே 60 பிக்சலுக்குச் சிவப்புப் பட்டை அடிங்க. பட்டைக்கு உள்பக்கம் நாலு மூலையிலும் 1, 2, 3, 4 என்று எழுதுங்க. மேலே இடது மூலை 1, மேலே வலது 2, கீழே இடது 3, கீழே வலது 4. சரியா நடுவில் தட்டு மாதிரி பெரிய வட்டம் ஒன்று. Shift பொத்தானை அழுத்திக்கிட்டு வரைந்தால் வட்டம் கோணாது. அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலமோ, கூட்டம் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாடியோ இதைச் சுவரில் போடச் சொல்லுங்க. என்ன நடந்திருக்கு என்று படமே சொல்லிவிடும்.

சிவப்பு தெரியாமல், நாலு எண்ணும் தெரிஞ்சு, வட்டம் வட்டமாகவே இருந்தால் எல்லாம் சரி. தம்பி படத்தில் மேலும் கீழும் 60 வெட்டி வைச்சிருக்கார் என்று அர்த்தம்.

சிவப்பும் தெரியுது, வட்டம் பக்கவாட்டில் அமுங்கின இட்லி மாதிரி அகலமா இருக்கு என்றால், முழுப் படத்தையும் சுவர் அளவுக்கு இழுத்திருக்காங்க. எல்லார் முகமும் எட்டில் ஒரு பங்கு அகலமாத் தெரியும். வீடியோவை மட்டும் போட்டால் இது சட்டுன்னு கண்ணுக்குப் படாது, "ஏன் எல்லாரும் குண்டாத் தெரியறாங்க?" என்றுதான் தோன்றும். வட்டம் வைப்பதே அதற்காகத்தான். தம்பியிடம், "மேலே 60, கீழே 60 வெட்டி நிறைச்சு விடுங்க தம்பி" என்று சொல்லுங்க. புராசசர் பெட்டி வைச்சிருக்கிறவங்களுக்கு இது இரண்டு நிமிஷ வேலை.

சிவப்பு தெரியுது, வட்டமும் சரியா இருக்கு, ஆனால் இரண்டு பக்கமும் கறுப்பு என்றால், படத்தை வடிவம் கெடாமல் உள்ளே பொருத்தியிருக்காங்க. சுவரில் 1024-க்கு 910 புள்ளிதான் படம். இதை அப்படியே விட்டாலும் குற்றம் இல்லை.

எண் 1 மட்டும் தெரியுது, வட்டத்தில் கால் பங்குதான் இருக்கு, மற்றது காணோம் என்றால் கவனிக்கணும். அங்கே படத்தைச் சுருக்குகிற புராசசர் இல்லை. நம்ம 1920-க்கு 1080 படத்தில் மேல் இடது மூலையிலிருந்து 1024-க்கு 512-ஐ மட்டும் அப்படியே சுவர் எடுத்துக்குது. சின்ன ஊர்களில் இப்படி இரண்டு முறை பார்த்திருக்கேன்.

இதற்காகவே இரண்டாவது ஃபைல் ஒன்று கையில் வைச்சுக்குவேன். Shotcut என்று இலவச சாஃப்ட்வேர் இருக்கு, சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். முடிச்ச வீடியோவை அதில் 1920-க்கு 1080 வைச்சுத் திறந்து, Size, Position & Rotate என்ற ஃபில்டரைச் சேர்த்து, Position-இல் 0, -32 என்றும் Size-இல் 1024, 576 என்றும் கொடுக்கணும். படம் சின்னதாகி மேல் இடது மூலைக்குப் போய்விடும், ஒதுக்கிய மேல்பட்டை வெளியே போய்விடும். நடுப்பட்டை சரியா 1024-க்கு 512 இடத்தில் உட்காரும். லேப்டாப்பில் பார்க்க மூலையில் சின்னப் படமாத் தெரியும், பயப்படாதீங்க. சுவரில் நிறைஞ்சு தெரியும்.

மேலும் கீழும் வெட்ட முடியாது, இழுத்துத்தான் போட முடியும் என்று சொல்கிற இடமும் உண்டு. அதற்கு மூணாவது ஃபைல். அதே ஃபில்டரில் Mode-ஐ Distort என்று மாற்றி, Position 0, -68, Size 1920, 1215. லேப்டாப்பில் எல்லார் முகமும் நெட்டையாத் தெரியும், சுவர் அதை அகலத்தில் இழுக்கும்போது நேராகிவிடும். இந்த ஃபைலை மட்டும் மறந்தும் வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பிடாதீங்க.

இந்த எண்கள் எல்லாம் 1024-க்கு 512 சுவருக்குத்தான். வேற சுவர் என்றால் கணக்கு மாறும்.

புரொஜெக்டர் என்றால்

புரொஜெக்டரில் கவலை வேற. திரை 8-க்கு 6 அடி இருந்து, நம்ம 16-க்கு 9 வீடியோ ஓடினால், படம் 8-க்கு நாலரை அடிதான் வரும். மேலே 9 அங்குலம், கீழே 9 அங்குலம் சும்மா கிடக்கும். அது கெடுதல் இல்லை. நிறைக்கணும் என்று 4-க்கு 3 ஆக்கச் சொன்னால்தான் எல்லாரும் ஒட்டடைக் குச்சி மாதிரி ஆகிடுவாங்க. பெட்டியில் "1080 சப்போர்ட்" என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. 1080 படத்தை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம், உள்ளே 1024-க்கு 768 புள்ளி மட்டும் இருக்கலாம். "நேட்டிவ் ரெசல்யூஷன் எவ்வளவு?" என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

எல்.இ.டி. சுவருக்குச் சொன்னதைப் புரொஜெக்டருக்குத் தலைகீழாப் பிடிச்சுக்கங்க. புரொஜெக்டரால் கறுப்பை உண்டாக்க முடியாது. திரையில் விழுகிற மண்டப வெளிச்சம்தான் அதில் கறுப்பு. அரக்குப் பின்னணியும் இருட்டுப் போட்டோவும் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடும். போட்டோவைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து போடுங்க. திரைக்குப் பக்கத்தில் எரிகிற விளக்கை மட்டும் அந்த ஐந்து நிமிஷம் அணைக்கச் சொல்லுங்க.

பென்டிரைவில் ஏற்றும் முன்

ஃபைல் எம்.பி.4 ஆக, எச்.264 முறையில் இருக்கட்டும். சில கைபேசிகள் தானாகவே எச்.265 என்ற புது முறையில் சேமிக்கும். பழைய லேப்டாப்பில் அது பாட்டு மட்டும் கேட்டு, படம் வராமல் நிற்கும். Shotcut-இல் Export கொடுத்தால் வழக்கமாக எச்.264-தான் வரும். நொடிக்கு 10 மெகாபிட் போதும். ஆறு நிமிஷ வீடியோ 450 எம்.பி.க்குள் அடங்கும்.

வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமா அனுப்பினால் அது நசுக்கிவிடும். 'டாக்குமெண்ட்' என்று அனுப்பணும், இல்லை பென்டிரைவில் நேரில் கொடுக்கணும். போட்டோ விஷயத்தில் இவ்வளவு பதற வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவும் இந்த 512 புள்ளி உயரச் சுவருக்குப் பெரும்பாலும் தாங்கும். ஆனால் பத்துப் பேர் கைமாறி வந்ததும், கைபேசித் திரையையே படம் பிடிச்சதும் தாங்காது. பழைய ஆல்பப் படத்தை ஜன்னல் ஓரத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலே இருந்து புதுசா எடுத்துக்கங்க.

போன தை மாசம் அதே அக்காவோட இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். வேற மண்டபம். பெட்டி எண்ணினேன், 8-க்கு 4 தான். சோதனைப் படம் போட்டதும் வட்டத்தில் கால் பங்குதான் தெரிஞ்சுது. இரண்டாவது ஃபைலைப் போட்டோம். தோளில் மகளைத் தூக்கி வைச்சிருக்கிற அந்த அப்பா படத்தை நடுவில் வைச்சு, இரண்டு பக்கமும் இரண்டு மகள்களோட பள்ளிக்கூடப் படம் வைச்சிருந்தேன். முகம் முழுசாத் தெரிஞ்சுது. அக்கா இந்தத் தடவை ஆறாயிரம் கொடுத்தாங்க. "போன தடவைக்கும் சேர்த்து வைச்சுக்க"ன்னாங்க.